காலை நாடியின் ஏழு நாள் கணக்கு

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. கிள்ளானில் இருக்கும் என் மைத்துனர் பேசினார். குரலில் நடுக்கம் தெரிந்தது.

"அத்தான், இன்றைக்கு 19 காட்டுகிறது. நேற்று 27 இருந்தது. போன புதன்கிழமை 34 வந்தது. கிளினிக்குக் கிளம்பட்டுமா?"

அவருக்கு வயது 54. 21 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குத் தம்மைத் தயார் செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மார்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் இதயத் துடிப்பு மாறுபாட்டை அளந்து வந்தார். நான் அரசாங்க மருத்துவமனையின் இ.சி.ஜி. பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே குடும்பத்தில் யாருக்கு நெஞ்சு படபடத்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். முதல் நாள் இரவு எப்படிப் போயிற்று என்று கேட்டேன். நண்பர் வீட்டுத் திருமண விருந்து, பதினொரு மணிக்கு மேல் பிரியாணி, வீடு திரும்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது என்றார். "தம்பி, இன்றைக்கு ஓட வேண்டாம். வேலைக்குப் போய் வா. நாளைக்கு அதே நேரத்தில் அளந்து பார்த்துவிட்டுச் சொல்" என்றேன். மறுநாள் 32 வந்தது.

அந்த 19 அவரைப் பயமுறுத்தியது. ஆனால் அதில் பயப்பட ஏதும் இல்லை. இரண்டு மாதம் கழித்து உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இறக்கம் ஒன்று வந்தது. அப்போது எந்த ஒரு நாளின் எண்ணும் அவரைப் பயமுறுத்தவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசக அன்பர்களுக்கு விளங்கச் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போது கைக்கடிகாரத்திலும் விரல் மோதிரத்திலும்கூட இந்த எண் வந்துவிடுவதால், நம்மவர் பலர் தினமும் காலையில் அதைப் பார்த்து மகிழ்வதும் கலங்குவதுமாக இருக்கின்றனர்.

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் சரியாக விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. ஓய்வாக இருக்கும் நல்ல இதயம் கடிகாரத்தைப் போல் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்கும். வெளியே விடும்போது சற்று விலகும். மூளையிலிருந்து இறங்கி இதயத்தை வந்தடையும் வேகஸ் நரம்பு அதன் வேகத்தைப் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இருப்பதுதான் இதற்குப் பெருங்காரணம். உடல் களைப்பு நீங்கி இளைப்பாறியிருக்கும்போது இந்த நரம்பின் பிடி வலுவாக இருக்கும். துடிப்பு இடைவெளிகளின் ஏற்ற இறக்கமும் கூடுதலாக இருக்கும். தூக்கமின்மை, காய்ச்சல், மது, நேரங்கெட்ட சாப்பாடு, மனக்கவலை, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி ஆகியவை அந்தப் பிடியைத் தளர்த்தும். அப்போது இடைவெளிகள் ஒரே மாதிரியாகிவிடும்.

மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கி அறுபது ஆண்டுகளாகின்றன. தாயின் வயிற்றில் இருக்கும் சிசு இடருக்குள்ளாகும்போது, அதன் துடிப்பு வேகம் மாறுவதற்கு முன்பே துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு குறைந்துவிடுகிறது என்பதை 1965-இல் ஹான், லீ என்ற இரு ஆய்வாளர்கள் குறித்தனர். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இதை அளப்பதற்கான பொது நெறிகளை வெளியிட்டன.

நம் கைத்தொலைபேசியில் RMSSD என்ற பெயரில் வரும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். ஐந்து இடைவெளிகள் 940, 968, 925, 951, 978 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு உள்ள வித்தியாசம் 28, 43, 26, 27. இவை ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 4,038. நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 1,010. அதன் வர்க்க மூலம் 32. அவ்வளவுதான். அடுத்தடுத்த துடிப்புகள் சராசரியாக எவ்வளவு விலகி வருகின்றன என்பதையே அந்த 32 சொல்கிறது.

இந்த எண் வயது ஏற ஏறக் குறையும். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். கணவனுக்கு 24-ம் மனைவிக்கு 48-ம் வந்தால் மனைவியின் இதயம் இருமடங்கு நல்லது என்று பொருளல்ல. ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். ஒப்பிட வேண்டுமானால் அளக்கும் முறை என்றும் மாறாமல் இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர்.

ஒரே நாற்காலி, ஒரே முறை

என் மைத்துனருக்கு நான் சொல்லிக் கொடுத்த முறை இது. எழுந்தவுடன் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை நரம்புகளை உசுப்பிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கோப்பி, தண்ணீர், பசியாறுதல், குளியல் எல்லாம் பிறகு. முக்கியமாக, கைத்தொலைபேசியில் வந்து கிடக்கும் செய்திகளைப் படிக்கக் கூடாது. நள்ளிரவில் வந்த ஒரு கடன் செய்தியைப் படித்துவிட்டு அளந்தால், கடனைத்தான் அளக்கிறோம்.

மார்புப் பட்டையின் உட்புறத்தில் மின்முனைகள் இருக்கும் இடத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே தோலோடு ஒட்டும்படி கட்ட வேண்டும். முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் பட, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார வேண்டும். முதல் ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். எழுந்து நடந்து வந்த படபடப்பு அடங்க அவ்வளவு நேரமாவது தேவை. அதன் பிறகு இரண்டு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் பேச்சு, இருமல், கொட்டாவி கூடாது. எண் எப்படி ஏறுகிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கக் கூடாது.

1996-ஆம் ஆண்டு நெறிகள் ஐந்து நிமிடப் பதிவைச் சொல்கின்றன. ஆனால் மருத்துவமனைக்குப் பொருந்துவது வீட்டில் நிலைப்பதில்லை. ஐந்து நிமிடம் என்று தொடங்கி மூன்றாம் வாரத்தில் கைவிடுவதைவிட, இரண்டு நிமிடத்தை ஆண்டு முழுவதும் செய்வதே மேல். இந்த RMSSD கணக்குக்குக் குறுகிய பதிவே போதும். சிலர் ஒரு நிமிடம் அளக்கின்றனர்; அதுவும் சரிதான். இன்று ஒரு நிமிடம், நாளை மூன்று நிமிடம் என்று மாற்றுவதுதான் கூடாது.

படுத்தபடியே அளக்கலாமா என்று கேட்பார்கள். அளக்கலாம், ஆனால் என்றும் படுத்தபடியே அளக்க வேண்டும். படுக்கும்போதும் உட்காரும்போதும் இரத்தம் நிற்கும் இடம் மாறுவதால் எண்ணும் மாறிவிடும். எனக்கு உட்கார்ந்து அளப்பதே பிடிக்கும். படுத்தபடி அளப்பவர்கள் பாதியில் மீண்டும் தூங்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

பிராணாயாமம் செய்யும் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாக்கினால் துடிப்பின் ஏற்ற இறக்கம் உடனே பெரிதாகிவிடும். அது நல்லதுதான்; ஆனால் அப்போது வரும் எண் நேற்றிரவு உடல் எப்படி இளைப்பாறியது என்பதைச் சொல்லாது, இப்போது எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்பதையே சொல்லும். ஆகவே அளந்து முடித்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். அளக்கும்போது மூச்சைத் தானாக வருவது போல் விட்டுவிட வேண்டும். எண்ணை உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஆழமாக மூச்சு விடுவது, எடை பார்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதற்குச் சமம்.

தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர்கள் "காலை" என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீண்ட தூக்கம் முடிந்து எழும் வேளைதான் உங்களுக்குக் காலை. அது பிற்பகல் மூன்று மணியாக இருந்தாலும் சரி.

பட்டை இல்லாதவர்கள் கைத்தொலைபேசியின் கேமராமீது விரல் வைத்து அளக்கும் செயலிகளும் உண்டு. HRV4Training அவற்றுள் ஒன்று. விரலை அழுத்தாமல் மெதுவாக வைக்க வேண்டும். குளிரூட்டியில் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கைக்கடிகாரங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆப்பிள் கடிகாரம் பகலில் அவ்வப்போது தானே அளந்து, SDNN என்ற வேறொரு கணக்கில் எண்ணைத் தருகிறது. சில மோதிரங்கள் இரவு முழுவதற்குமான சராசரியைத் தருகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் மோதிரத்தின் எண்ணையும் பட்டையின் எண்ணையும் ஒரே பட்டியலில் எழுதினால், மைலையும் கிலோமீட்டரையும் கூட்டிய கதையாகிவிடும்.

121 காட்டிய காலை

திருமண விருந்துக்குச் சில வாரங்களுக்குப் பின் மைத்துனர் மறுபடியும் அழைத்தார். இம்முறை மகிழ்ச்சி. "அத்தான், 121!" என்றார். ஒரே இரவில் இருபது வயதுப் பையனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார். துடிப்பு இடைவெளிகளின் வரைபடத்தைத் திறந்து படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மற்ற இடமெல்லாம் சிற்றலை போல் இருந்த கோடு, ஓரிடத்தில் மட்டும் கோபுரம் போல் எழுந்து இறங்கியிருந்தது. ஒரு துடிப்பைப் பட்டை தவறவிட்டிருக்கிறது.

முன்பு பார்த்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 925, 951 என்ற இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் உள்ள துடிப்பு பதிவாகாவிட்டால், இரண்டும் சேர்ந்து 1,876 என்ற ஒரே இடைவெளியாகிவிடும். வித்தியாசம் 43, 26, 27 என்று இருந்த இடத்தில் 908, 898 என்று வந்துவிடும். வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்குவதால் பெரிய பிழை மிகப் பெரிதாகிறது. இரண்டு நிமிடத்தில் நூற்றிருபத்தைந்து துடிப்புகளில் ஒன்றே ஒன்று தவறினாலும், 30 வர வேண்டிய எண் 120-ஐ நெருங்கிவிடும்.

பல செயலிகள் இத்தகைய பிழைகளைத் தாமே களைந்துவிட்டு, எத்தனை துடிப்புகளைத் திருத்தினோம் என்று ஓரத்தில் காட்டும். அதைப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் திருத்தியிருந்தால் அந்தப் பதிவை நான் ஏற்பதில்லை. பட்டையை மீண்டும் நனைத்து இன்னொரு முறை அளக்கச் சொல்வேன். வழக்கமான எண்ணைவிட இருமடங்கு, மும்மடங்கு வந்தால் மகிழ்வதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். மைத்துனரின் பட்டையில் வியர்வை உப்புப் படிந்து மின்முனைகள் கெட்டியாகியிருந்தன. வெந்நீரில் அலசிக் காயப்போட்டதும் சரியாகிவிட்டது. அந்த 121-ஐ அடித்துவிட்டு அந்த நாளை வெற்றிடமாக விடச் சொன்னேன். தவறான எண்ணைவிட வெற்றிடமே நல்லது.

கோபுரம் போன்ற கோடு பட்டையின் பிழையால் மட்டும் வருவதில்லை. இதயம் சில வேளை ஒரு துடிப்பை முந்திக்கொண்டு துடித்துவிட்டு, அடுத்ததற்குச் சற்று நீளமாகக் காத்திருக்கும். எப்போதாவது ஒன்றிரண்டு இப்படி வருவது பலருக்கும் உள்ளதுதான். ஆனால் பட்டை சுத்தமாக இருந்தும் நாள்தோறும் இப்படிப் பல வந்தால், அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏழு நாள் நகரும் சராசரி

இனி அந்த 19-க்கு வருவோம். அதற்கு முந்திய வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, மைத்துனரின் எண்கள் 31, 28, 34, 30, 27, 33, 27. கூட்டினால் 210, ஏழால் வகுத்தால் 30. ஒன்றும் மாறாத ஒரு சாதாரண வாரத்திலேயே எண் 27-க்கும் 34-க்கும் இடையே ஆடுகிறது என்பதைக் கவனியுங்கள். தனி நாளின் எண் இப்படித்தான். காற்றில் ஆடும் விளக்குச் சுடரை ஒரு கணம் பார்த்து எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நகரும் சராசரி என்பது ஒவ்வொரு நாளும் அன்றைய எண்ணோடு அதற்கு முந்திய ஆறு நாள் எண்களையும் சேர்த்துச் சராசரி காண்பது. மறுநாள் புதியது ஒன்று உள்ளே வரும். பழையது ஒன்று வெளியேறும். ஏழு நாள் என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. நம் வாழ்க்கை வாரக் கணக்கில் சுழல்கிறது. சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பதும், ஞாயிறு நீண்ட ஓட்டம் ஓடுவதும், திங்கள் வேலைக்கு விரைவதும் வாரந்தோறும் வருபவை. ஏழு நாளை எடுத்துக்கொண்டால் எல்லாக் கிழமைகளும் ஒரு முறை அதில் அடங்கிவிடும். டேனியல் பிளூஸ் என்ற விளையாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், முன்னணி முப்போட்டி வீரர் இருவரின் பதிவுகளை வைத்து 2012-இல் எழுதிய ஆய்வில், தனி நாள் எண்ணைவிட இந்த ஏழு நாள் சராசரியே அளவுமீறிய களைப்பை நன்கு காட்டுகிறது என்று எடுத்துரைத்தனர்.

விருந்துக்கு மறுநாள் திங்கட்கிழமை 19 உள்ளே வந்தது. பழைய திங்களின் 31 வெளியேறியது. கூட்டுத்தொகை 198, சராசரி 28.3. அடுத்த ஆறு நாள் எண்கள் 32, 29, 31, 28, 30, 31. சராசரி 28.9, 28.1, 28.3, 28.4, 28.0, 28.6 என்று நகர்ந்தது. அதற்கடுத்த திங்கள் அவருக்கு 30 வந்தது. சராசரி ஒரேயடியாக 30.1-க்கு ஏறியது. "என்ன அத்தான், இன்றைக்கு ஒன்றும் புதிதாக நடக்கவில்லையே" என்றார். நடக்கவில்லைதான். 19 பட்டியலைவிட்டு வெளியேறியதால் வந்த ஏற்றம் அது. சராசரி திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ உள்ளே வந்த எண்ணை மட்டுமல்ல, வெளியே போன எண்ணையும் பார்க்க வேண்டும்.

இதைச் செயலியே போட்டுக் கொடுக்கும். நான் பழைய ஆள். கணினியில் ஓர் அட்டவணையும் வைத்திருக்கிறேன். முதல் வரிசையில் தலைப்பு, A நிரலில் நாள், B நிரலில் எண், C நிரலில் சராசரி. எட்டாம் வரிசையில் C நிரலில் இதை எழுதிக் கீழே இழுத்துவிட்டால் போதும்:

```
=IF(COUNT(B2:B8)>=5,AVERAGE(B2:B8),"")
```

ஏழு நாளில் ஐந்து எண்ணாவது இருந்தால்தான் இது சராசரியைக் காட்டும். இல்லாவிட்டால் வெற்றிடமாக இருக்கும். தேர்ந்த விளையாட்டு வீரர்களுக்கு வாரத்தில் மூன்று பதிவுகளே போதும் என்று பிளூஸ் குழுவினர் பின்னர் கண்டனர். நம்மைப் போன்றவர்களின் நாட்கள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. ஆகவே ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன். அளக்காத நாளுக்குப் பூஜ்யம் எழுதிவிடாதீர்கள். பூஜ்யத்தையும் ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு சராசரி சரிந்துவிடும். வெற்றிடமாகவே விட வேண்டும்.

எது இறக்கம், எது ஆட்டம்

சராசரி 28-க்கு இறங்கியதே, அது பெரிய இறக்கமா? இதற்கு விடை சொல்ல அவரவருடைய வழக்கமான எல்லை தெரிய வேண்டும். காய்ச்சல், பயணம், பெரிய கவலை ஏதுமில்லாத நான்கு வாரங்களுக்காவது எண்களைச் சேர்க்க வேண்டும். அதுவரை எதையும் முடிவு செய்யக் கூடாது. மைத்துனருக்கு அத்தகைய காலத்தின் சராசரி 30 என்றும், நாள்தோறும் எண் சிதறும் அளவு 4 என்றும் வந்தது. அந்தச் சிதறல் அளவை அட்டவணையில் STDEV என்ற கட்டளை கணக்கிட்டுத் தரும். அதில் முக்கால் பங்கு 3. ஆகவே அவருடைய எல்லை 27 முதல் 33 வரை. சிலர் முக்காலுக்குப் பதில் பாதியை எடுத்துக்கொள்கின்றனர். எல்லை குறுகும், எச்சரிக்கை அடிக்கடி வரும். வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கால் போதும் என்பது என் கருத்து. ஏழு நாள் சராசரி இந்த எல்லைக்குள் இருக்கும் வரை ஆட்டம்தான். விருந்து இரவின் 19 சராசரியை 28-க்குக் கீழே கொண்டுபோகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து மைத்துனரின் தாயார் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு இரவில் துணைக்கு இருந்தனர். இவர் இரவு ஒரு மணிவரை அங்கே இருந்துவிட்டு வந்து, காலையில் ஓடப் போனார். பந்தயத்துக்கு ஆறு வாரமே இருந்ததால் தூரத்தையும் கூட்டினார். அதற்கு முந்திய வாரத்தின் எண்கள் 31, 29, 32, 28, 30, 31, 29. சராசரி சரியாக 30. தொடர்ந்து வந்தவை 28, 26, 27, 25, 26, 24, 25.

இவற்றில் எந்த எண்ணும் 19 போல் இல்லை. அவர் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் சராசரி 29.6, 29.1, 28.4, 28.0, 27.4 என்று ஒரு நாள்கூட ஏறாமல் இறங்கி, ஆறாம் நாள் 26.4-ஆகி எல்லையைத் தாண்டியது. ஏழாம் நாள் 25.9. ஓய்வு நாடியும் 63-இலிருந்து 68-க்கு ஏறியிருந்தது. எண் இறங்கி நாடியும் ஏறினால் அதை நான் இன்னும் கூடுதலாக நம்புவேன். வாரக் கடைசியில் அட்டவணையைப் பார்த்த நான்தான் இம்முறை அவரை அழைத்தேன். "உனக்கு என்ன செய்கிறது?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "பெரிதாக ஒன்றும் இல்லை. படி ஏறினால் கால் கனக்கிறது. பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன்" என்றார்.

எண் காரணத்தைச் சொல்வதில்லை. காய்ச்சல் தொடங்குவதற்கு முன்பும் இதே இறக்கம் வரலாம். கடுமையான புகைமூட்டத்தில் ஓடினாலும் வரலாம். காரணத்தைச் சொல்வது எண்ணுக்குப் பக்கத்தில் எழுதும் குறிப்புதான். தூங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ஓடிய தூரம், புதிய மாத்திரை என்று ஒரே வரி போதும். அவர் குறிப்பில் தூக்கம் ஏழு நாளும் ஐந்து மணிக்கும் குறைவு. தாயாரைப் பார்த்துக்கொள்வதை விட முடியாது. ஆகவே ஓட்டத்தை விடச் சொன்னேன். பத்து நாள் ஓடவில்லை. மாலையில் அரை மணி நேரம் நடந்தார். முறையை மாற்றி, தம்பியை முன்னிரவுக்கு வரச் செய்து, ஒன்பதரைக்கே வீடு திரும்பினார். நான்கு நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு சராசரி மெல்ல ஏறி, பன்னிரண்டாம் நாள் 27-க்கு மேல் வந்தது. பந்தயத்தில் 21 கிலோமீட்டருக்குப் பதில் 10 கிலோமீட்டருக்குப் பெயரை மாற்றிக்கொண்டார். அதில் அவருக்கு வருத்தம்தான்.

அந்த வாரங்களின் எண்களை வழக்கமான எல்லையைக் கணக்கிடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லையும் கூடவே கீழே இறங்கிவிடும். பிறகு களைப்பே வழக்கமாகிவிட்டதுபோல் தோன்றும். சில செயலிகள் கடந்த இரண்டு மாதத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்வதால், நீண்ட நாள் துன்பத்தில் இருப்பவர்களுக்கு "வழக்கம்போல் இருக்கிறீர்கள்" என்று காட்டிவிடும்.

யாருக்குப் பொருந்தாது

இதய மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த எண் உதவாது. அவர்களுக்குத் துடிப்பு ஒழுங்கின்றி வருவதால் எண் மிக உயர்ந்து காணும். அந்த உயர்வு நலத்தின் அடையாளம் அல்ல. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்கள் அளக்கலாம். ஆனால் மாத்திரையின் அளவு மாறும் நாளிலிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ கூடவே கூடாது.

இன்னொன்றையும் 31 ஆண்டு இ.சி.ஜி. பார்த்தவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பதை இந்த எண் காட்டாது. காலையில் நல்ல எண் வந்தது என்பதற்காக நெஞ்சு வலியை அலட்சியப்படுத்தக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அப்போது பட்டையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக, கருவி மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிச் சலுகையில் புதிய பட்டையோ புதிய கைத்தொலைபேசியோ வாங்கினால் பழையதை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு இரண்டாலும் ஒன்றன்பின் ஒன்றாக அளந்து, எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பழைய பட்டியலை மூடிவிட்டுப் புதிய நான்கு வாரத்தைத் தொடங்க வேண்டியதுதான். மைத்துனர் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறார். இது மூன்றாவது வாரம்.